நடுவில் ஒரு கல்லீரல்

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை முடிந்து, கீமோவும் கதிர்வீச்சும் முடிந்து, இனி தினம் ஒரு ஹார்மோன் மாத்திரை மட்டும் போதும் என்ற கட்டத்துக்கு வரும் பெண்ணுக்குச் சுற்றத்திலிருந்து இரண்டு அறிவுரைகள் தவறாமல் வந்துவிடுகின்றன. மஞ்சள் கேப்சூல் சாப்பிடு என்பது ஒன்று. சர்க்கரையை அடியோடு நிறுத்து, அதுதான் கேன்சருக்குத் தீனி என்பது மற்றொன்று. சொல்பவர்களின் அக்கறையைக் குறைசொல்ல இடமில்லை. இரண்டுக்கும் ஆய்வகத்தில் ஆதாரம்கூட இருக்கிறது. கண்ணாடித் தட்டில் வளரும் புற்றணுக்களின் மேல் மஞ்சளின் குர்குமினை ஊற்றினால் அவை சாகின்றன. தட்டிலிருந்து குளுக்கோஸை எடுத்துவிட்டால் பல வகை அணுக்கள் வாடிப்போகின்றன. ஆனால் தட்டில் குடல் கிடையாது, கல்லீரலும் கிடையாது. மனித உடம்பில் வாய்க்கும் கட்டிக்கும் நடுவில் இவை இரண்டும் உட்கார்ந்திருக்கின்றன. உள்ளே வருவதையெல்லாம் சோதித்து, உருமாற்றி, கழித்துக்கட்டும் வேலையில் கல்லீரல் இருக்கிறது. புற்றுநோய் மருந்துகளில் பெரும்பாலானவையும் அதே கல்லீரலை நம்பியே வேலை செய்கின்றன. மஞ்சள் கேப்சூல் நல்லதா கெட்டதா, சர்க்கரை எதிரியா நண்பனா என்ற கேள்விகளைக் கல்லீரலைக் கேட்காமல் தீர்க்க முடியாது என்பதே என் வாதம்.

மஞ்சளில் இருந்து தொடங்குவோம். மஞ்சள் தூளின் எடையில் சுமார் 3 விழுக்காடுதான் குர்குமின். அதை வாயால் விழுங்கும்போது பெரும்பகுதி குடலில் உறிஞ்சப்படாமல் மலத்தோடு போய்விடுகிறது. உறிஞ்சப்படும் சிறு பங்கையும் குடற்சுவரும் கல்லீரலும் வேறு மூலக்கூறுகளோடு ஒட்டவைத்து, நீரில் கரையும் கழிவாக்கி வெளியேற்றுகின்றன. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், நலமாக இருந்தவர்களுக்கு ஒரே வேளையில் 2 கிராம் குர்குமின் கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தத்தில் அது கண்டுபிடிக்க முடியாத அளவிலோ மிக மிகக் குறைவாகவோதான் இருந்தது. அதனோடு மிளகின் காரச் சத்தான பைபெரினை 20 மில்லிகிராம் சேர்த்தபோது, இரத்தத்தில் சேர்ந்த குர்குமினின் அளவு 20 மடங்கு கூடியது. இன்று கடைகளில் விற்கும் பல கேப்சூல்களில் மிளகுச் சத்து இருப்பதற்கு இந்த ஆய்வே மூலம். விளம்பரங்கள் இந்த 20 மடங்கைப் பெருமையாகச் சொல்கின்றன. எதை 20-ஆல் பெருக்கினார்கள் என்பதை மட்டும் சொல்வதில்லை. ஏறக்குறைய பூஜ்யமாக இருந்ததைத்தான். அதைவிட முக்கியமானது, பைபெரின் இதை எப்படிச் சாதிக்கிறது என்பது. உடம்பு அந்நியப் பொருட்களைக் கழிக்கப் பயன்படுத்தும் நொதிகளை அது தடுக்கிறது. அந்த நொதிகளுக்கு இது குர்குமின், இது மருந்து என்ற பாகுபாடு கிடையாது.

அதன் விளைவுக்குப் போகுமுன், குர்குமின் மனிதர்களில் என்னதான் செய்திருக்கிறது என்று பார்த்துவிடலாம். ஆய்வகக் கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றில் ஒரு பகுதியை நம்புவதற்கு முன் யோசிக்க வேண்டும். குர்குமின் தானே நிறமுள்ள, ஒளிரும், பல புரதங்களில் ஒட்டிக்கொள்ளும் பொருள் என்பதால், நிறத்தையும் ஒளியையும் அளந்து முடிவு சொல்லும் சோதனைகளை அதுவே ஏமாற்றிவிடும். இந்தத் துறையில் மிகப் புகழ்பெற்ற ஆய்வாளர் ஒருவரின் இருபதுக்கும் மேற்பட்ட கட்டுரைகளை ஆய்விதழ்கள் திரும்பப் பெற்றதும் நடந்திருக்கிறது. மனிதர்களிடம் வந்தால், அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் மையத்தில் கணையப் புற்றுநோயாளிகளுக்குத் தினம் 8 கிராம் வீதம் கொடுத்துப் பார்த்த முடிவை 2008-ல் வெளியிட்டார்கள். பலனை மதிப்பிட முடிந்த 21 பேரில் ஒருவருக்கு நோய் நீண்டகாலம் வளராமல் நின்றது. இன்னொருவருக்குக் கட்டி கொஞ்ச காலம் சுருங்கிப் பிறகு வளர்ந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மறுதரப்பு இல்லாததால் இதை வைத்து எதுவும் முடிவுகட்ட முடியாது. கதிர்வீச்சால் தோல் வெந்துபோவதைத் தடுக்குமா என்ற ஆய்வு இன்னும் பாடம் தருவது. 2013-ல் 30 மார்பகப் புற்றுநோயாளிகளிடம் தினம் 6 கிராம் கொடுத்துப் பார்த்ததில் தோல் பாதிப்பு குறைந்தது. செய்தி உலகெங்கும் பரவியது. அதே குழுவினர் 686 பேரிடம் அதைத் திரும்பச் செய்து 2018-ல் வெளியிட்டபோது போலி மாத்திரைக்கும் குர்குமினுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. முதல் செய்தியைக் கேட்டவர்களில் எத்தனை பேர் இரண்டாவதைக் கேட்டிருப்பார்கள்?

பலன் இல்லாவிட்டால் போகட்டும், கெடுதல் இல்லையே என்பார்கள். இங்கேதான் நாம் தொடக்கத்தில் சொன்ன பெண்ணின் மாத்திரைக்கு வரவேண்டும். அது டாமாக்சிஃபென், வழக்கமாகத் தினம் 20 மில்லிகிராம். விழுங்கும் வடிவில் அதற்குப் பெரிய வலு கிடையாது. கல்லீரலின் ஒரு நொதி அதை ஒருமுறை மாற்றுகிறது, இன்னொரு நொதி மறுபடி மாற்றுகிறது. கடைசியில் கிடைக்கும் எண்டாக்சிஃபென் என்ற பொருள்தான் புற்றணுவின் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியை டாமாக்சிஃபெனைவிடச் சுமார் நூறு மடங்கு இறுக்கமாகப் பிடித்து அடைக்கிறது. ஆகவே அந்தப் பெண்ணைக் காப்பது கடையில் வாங்கிய மாத்திரையும் அவளுடைய கல்லீரலும் சேர்ந்து செய்யும் மருந்து. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் எராஸ்மஸ் மருத்துவ மையத்தினர் 2019-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் அளந்தது. டாமாக்சிஃபென் எடுத்துவந்த 16 பேருக்கு ஒரு கட்டத்தில் மாத்திரை மட்டும். ஒரு கட்டத்தில் அதோடு 1,200 மில்லிகிராம் குர்குமின் தினம் மூன்று வேளை. இன்னொரு கட்டத்தில் குர்குமினோடு வேளைக்கு 10 மில்லிகிராம் பைபெரினும். மிளகுச் சத்து நொதிகளைத் தடுப்பதால் மருந்தின் அளவு ஏறும் என்றுதான் யாரும் கணக்குப் போடுவார்கள். நடந்தது நேர்மாறு. குர்குமின் மட்டும் சேர்ந்தபோது எண்டாக்சிஃபென் சுமார் 8 விழுக்காடும், பைபெரினும் சேர்ந்தபோது சுமார் 12 விழுக்காடும் குறைந்தன. கல்லீரலில் பல வழிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், ஒன்றை அடைத்தால் எது திறக்கும் என்பதை மேசையில் உட்கார்ந்து ஊகிக்க முடிவதில்லை. அளந்தால்தான் தெரிகிறது.

12 விழுக்காடு சொற்பம்தானே என்ற மறுப்பு நியாயமானது. ஆனால் இந்த மருந்துக்கு ஒரு வாசல்படி இருப்பதாகப் பல மருத்துவர்கள் கருதுகிறார்கள். இரத்தத்தில் எண்டாக்சிஃபென் 16 நானோமோலார் அளவுக்குக் கீழே போனால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுவதாகப் பெரிய கவனிப்பாய்வு ஒன்று காட்டியது. அந்தக் கோடு எல்லோரும் ஒப்புக்கொண்ட கோடு அல்ல. பிறகு நடந்த ஆய்வுகளில் சில அதை உறுதிசெய்யவில்லை. இருந்தாலும், பிறவியிலேயே அந்த இரண்டாவது நொதி மந்தமாக உள்ளவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுடைய அளவு தொடக்கத்திலேயே கோட்டை ஒட்டி நிற்கும். உதாரணமாக ஒருவரின் அளவு 18 என்று வைத்துக்கொள்வோம். 12 விழுக்காடு கழித்தால் 15.8, கோட்டுக்குக் கீழே. 40 இருப்பவருக்கு அது 35 ஆகும், ஒன்றும் ஆகாது. தான் எந்த வகை என்பது பெரும்பாலான நோயாளிகளுக்குத் தெரியாது, ஏனென்றால் இந்த அளவை வழக்கமாக யாரும் பரிசோதிப்பதில்லை. ராட்டர்டாம் குழுவினரின் கணிப்பில் 20 முதல் 40 விழுக்காட்டினரின் அளவு இப்படிக் கோட்டுக்குக் கீழே இறங்கிவிடக்கூடும். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வலி மாத்திரை வேலை செய்யாவிட்டால் மாலைக்குள் தெரிந்துவிடும். டாமாக்சிஃபென் வேலை செய்யாமல் போனால் அது தெரிய ஆண்டுகள் ஆகும். அப்போதும் கேப்சூலை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். சேர்த்து எடுத்தேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற சாட்சியத்துக்கு இந்த விஷயத்தில் மதிப்பில்லாமல் போவது இதனால்தான்.

காலங்காலமாகச் சாம்பாரிலும் ரசத்திலும் மஞ்சளும் மிளகும் போட்டுத்தானே சாப்பிடுகிறோம் என்பது அடுத்த கேள்வி. கணக்கே இதற்குப் பதில் சொல்லிவிடும். ஒருவர் ஒரு நாளில் 2 கிராம் மஞ்சள் தூள் உண்கிறார் என்றால் அதில் குர்குமின் சுமார் 60 மில்லிகிராம். ராட்டர்டாமில் கொடுத்தது 3,600. ஏறத்தாழ 60 மடங்கு. மிளகில் கணக்கு இவ்வளவு எளிதாக இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு கிராம் மிளகிலேயே 50 மில்லிகிராம் அளவுக்குப் பைபெரின் இருக்கலாம். அதனால் கேப்சூலில் உள்ள பைபெரின் அசாதாரணமான அளவு என்று சொல்ல முடியாது. ஆனால் ரசத்தில் அது 3,600 மில்லிகிராம் குர்குமினோடு சேர்ந்து வருவதில்லை. சமையல் மஞ்சளையும் ரசத்தையும் நிறுத்தச் சொல்ல எந்தக் காரணமும் இல்லை. யோசிக்க வேண்டியது சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகச் சூரணத்தைத் தேக்கரண்டிக் கணக்கில் தினமும் எடுப்பவர்கள்தான். திப்பிலியிலும் பைபெரின் உண்டு. சூரணம் என்ற பெயரில் வந்தாலும் கல்லீரலுக்கு அது அதே பொருள்தான்.

மருந்தின் அளவு மாறுவது ஒரு பக்கம் இருக்க, கல்லீரலே காயப்படுவதும் உண்டு. மருந்துகளால் கல்லீரலுக்கு ஏற்படும் பாதிப்பைப் பதிவுசெய்யும் அமெரிக்க வலையமைப்பு ஒன்று, மஞ்சள் மாத்திரைகளால் ஏற்பட்டதாக உறுதிப்படுத்திய 10 பேரின் விவரங்களைச் சில ஆண்டுகளுக்கு முன் வெளியிட்டது. பத்துமே 2011 முதல் வந்தவை. பாதிக்கு மேல் 2017 முதல். ஐந்து பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், ஒருவர் இறந்தார். பத்தில் ஏழு பேருக்கு ஒரே வகையான நோய்த்தடுப்பு மரபணு வடிவம் இருந்தது. அதாவது இது கலப்படத்தால் மட்டும் வருவதல்ல. சிலருடைய உடம்பு இதற்கு எதிராகத் திரும்பிவிடுகிறது, யாருடையது என்று வெளியில் பார்த்தால் தெரியாது. கோடிக்கணக்கானோர் எடுக்கும் பொருளில் இது அரிது என்பது உண்மைதான். நம் ஊரில் இதே கதை சீந்தில் கொடிக்கும் நடந்தது. கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று அதைக் குடித்தவர்களில் சிலர் மஞ்சள் காமாலையோடு வந்ததை மும்பை மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்து, தாவரம் எது என்பதே சரியாக அடையாளம் காணப்படவில்லை என்றது. அதுவும் சாத்தியம்தான். ஆனால் எந்தக் கொடி என்று கடைக்காரருக்கும் தெரியாது, குடிப்பவருக்கும் தெரியாது என்பதுதான் அந்த மறுப்பிலிருந்து கிடைக்கும் பொருள்.

கீமோ நடுவில் இருப்பவருக்கு இந்த அரிய பாதிப்பு எப்படிப் பெரிதாகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் இரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதிகள் பார்க்கப்படுகின்றன. அவை ஏறியிருந்தால் மருத்துவர் முன்னால் மூன்று காரணங்கள் நிற்கும்: கீமோ மருந்து, கல்லீரலுக்குப் பரவிய நோய், வைரஸ். நான்காவதாக ஒரு கேப்சூல் இருப்பது அவருக்குத் தெரியாது, ஏனென்றால் அது மருந்து இல்லை என்று நினைத்து நோயாளி சொல்லவில்லை. விளைவு, சுற்று தள்ளிப்போகும், அல்லது நன்றாக வேலை செய்துகொண்டிருந்த மருந்தின் அளவு வெட்டப்படும், அல்லது நோய் பரவிவிட்டதோ என்று ஒரு ஸ்கேன் கூடுதலாக எடுக்கப்படும். சோர்வு, பசியின்மை, குமட்டல் எல்லாம் கீமோவிலும் வரும் என்பதால் நோயாளிக்கும் பிரித்துத் தெரியாது. அடர்நிறச் சிறுநீர், உடம்பெங்கும் அரிப்பு, கண்ணில் மஞ்சள் ஆகிய மூன்றும்தான் அடுத்த சுற்றுவரை காத்திருக்காமல் உடனே சொல்ல வேண்டியவை.

தாவரங்களை இப்படி ஒதுக்குவது மேற்கத்திய மருத்துவத்தின் பாரபட்சம் என்று சிலர் வாதிடுகிறார்கள். வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியே இதற்குப் பதில். இரத்தப் புற்றுநோயில் ஆறு பதிற்றாண்டுகளாகப் பயன்படும் வின்கிறிஸ்டின் அந்தச் செடியிலிருந்து வந்தது. ஒரு கிராம் எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். நோயாளிக்கு இரத்தக் குழாயில் ஏற்றுவது வழக்கமாக ஒரு வேளைக்கு அதிகபட்சம் 2 மில்லிகிராம். அதற்கு மேல் போனால் கைகால் நரம்புகள் கெடும். சில பூஞ்சைக்கொல்லி மாத்திரைகளை உடன் எடுத்தாலே, கல்லீரல் அதைக் கழிப்பது தடைபட்டு நஞ்சாகிவிடும். தாவரம் உண்மையிலேயே புற்றுநோயைத் தொடும் வலு பெறும்போது இப்படித்தான் இருக்கும்: அளவு மில்லிகிராமில், வழி இரத்தக் குழாயில், உடன் எது சேரக்கூடாது என்ற நீண்ட பட்டியலோடு. அதேபோல், குர்குமினின் தோல் ஆய்வை நடத்திய அதே அமெரிக்க ஆய்வாளர்கள் இஞ்சியையும் சோதித்தார்கள். 2012-ல் வெளியான அந்த ஆய்வில் 576 பேர்; வழக்கமான வாந்தி மருந்தோடு தினம் அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை இஞ்சி எடுத்தவர்களுக்குக் குமட்டல் குறைந்தது. ஒரே அளவுகோல், இஞ்சி ஓரளவு தேறியது, மஞ்சள் தேறவில்லை. முள்சீத்தா இலைக் கஷாயத்துக்கோ இவ்வளவு பெரிய தேர்வு எதுவும் நடக்கவில்லை. அதை நிறைய உண்ணும் கரீபியத் தீவான குவாதலூப்பில் பார்க்கின்சனைப் போன்ற நடுக்கநோய் அதிகம் காணப்பட்டதையும், அதில் இந்தப் பழத்தின் நஞ்சு சந்தேகிக்கப்படுவதையும் இங்கே அதை விற்பவர்கள் சொல்வதில்லை.

இப்போது சர்க்கரை. ஜெர்மனியின் ஓட்டோ வார்பர்க் 1920-களிலேயே, கட்டியின் அணுக்கள் குளுக்கோஸை அளவுக்கு மீறி உறிஞ்சுவதைக் கண்டார். இன்றைய பெட் ஸ்கேன் அந்தக் கண்டுபிடிப்பின் மேல்தான் நிற்கிறது: கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையை ஊசியில் கொடுத்தால் கட்டி ஒளிர்கிறது. அந்தப் படத்தைக் காட்டி, பார், சர்க்கரையை எப்படித் தின்கிறது என்பார்கள். ஆனால் அந்த ஸ்கேனுக்கு முன் நோயாளியை நான்கு முதல் ஆறு மணி நேரம் பட்டினி போடுகிறார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். பட்டினியில் கட்டி மங்க வேண்டுமே? மாறாகத் தெளிவாக ஒளிர்கிறது. இன்சுலின் இறங்கிவிடுவதால் தசைகள் சர்க்கரையை எடுப்பதில்லை. இன்சுலினுக்காகக் காத்திராத கட்டி தன் பங்கை எடுத்துக்கொண்டே இருக்கிறது. இரத்தத்தில் ஒரு நேரத்தில் உள்ள குளுக்கோஸ் மொத்தமே நான்கைந்து கிராம்தான். அது குறையாமல் பார்த்துக்கொள்வது கல்லீரல். முதலில் தன் கையிருப்பிலிருந்து தரும். அது சுமார் ஒரு நாளில் தீரும். பிறகு தசைப் புரதத்தை உடைத்துச் சர்க்கரை செய்யும், ஏனென்றால் மூளைக்கு மட்டுமே ஒரு நாளைக்கு நூறு கிராமுக்கு மேல் வேண்டும். நாம் உண்ணாமல் விட்ட சர்க்கரை, நம் தொடைத் தசையிலிருந்து கட்டிக்குப் போய்ச் சேர்கிறது. போதாததற்குப் பல கட்டிகள் குளூட்டமினையும் கொழுப்பையும் எரித்துக் காலம் தள்ளும்.

சர்க்கரையை விடுவது என்றால் எதை விடுவது என்பதில்தான் தீமையின் அளவு இருக்கிறது. மூன்று வேளைக் காப்பியில் இரண்டு கரண்டிச் சர்க்கரை வீதம் நிறுத்தினால் போவது சுமார் 120 கலோரி, தாராளமாக நிறுத்தலாம். அதை விட்டுக் கருப்பட்டிக்கும் தேனுக்கும் மாறியவர்கள், உடம்பைப் பொறுத்தவரை எதையும் விடவில்லை. ஆனால் நடைமுறையில் பலர் சோறு, இட்லி, பழம், பால் எல்லாவற்றையும் சர்க்கரைக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். புற்றுநோயாளிக்கு ஐரோப்பிய ஊட்டச்சத்து வழிகாட்டி சொல்வது, எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் தினம் 25 முதல் 30 கலோரி, 1 முதல் 1.5 கிராம் புரதம். 55 கிலோ உள்ள பெண்ணுக்குச் சுமார் 1,400 முதல் 1,650 கலோரி. இரண்டு வேளைச் சோற்றை எடுத்தால் அதில் 600 போய்விடும்; அதை ஈடுகட்டும் அளவுக்கு முட்டையோ பருப்போ, வாய்ப்புண்ணும் குமட்டலுமாக இருப்பவருக்கு இறங்காது. கஞ்சிதான் இறங்கும். எடையும் தசையும் கரைந்தவர்களிடம் கீமோவின் நச்சு விளைவு கூடுகிறது என்பது நன்றாக நிறுவப்பட்ட ஒன்று. சுற்றுகள் தள்ளிப்போவதும் அளவு குறைக்கப்படுவதும் அதன் தொடர்ச்சி.

சர்க்கரைக்கு எதிரான வாதத்தில் உண்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. பெருங்குடல் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்தவர்களில், தினம் இரண்டோ அதற்கு மேலோ இனிப்புப் பானம் குடித்தவர்களுக்கு நோய் திரும்புவது அதிகமாக இருந்ததாக 2014-ல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. அது கவனிப்பாய்வுதான், ஆனாலும் பானத்தை விடுவதால் யாருக்கும் நட்டமில்லை. ஆல்பெலிசிப் என்ற மாத்திரை இன்சுலின் சொல்லும் செய்தியையே அணுவுக்குள் வெட்டிவிடுவதால் அதை எடுப்பவர்களுக்கு இரத்தச் சர்க்கரை எகிறும். உடம்பு பதிலுக்குச் சுரக்கும் இன்சுலின் மருந்தின் வேலையைக் கெடுக்கக்கூடும். எலிகளில் மாவுச்சத்தை மிகவும் குறைத்த உணவு இவ்வகை மருந்துக்குத் துணைபோனது. அதே எலி ஆய்வில், மருந்தில்லாமல் அந்த உணவை மட்டும் கொடுத்தபோது இரத்தப் புற்றுநோய் ஒன்று வேகமாக வளர்ந்தது. வாந்தியைத் தடுக்கக் கொடுக்கும் டெக்சாமெத்தசோனாலும் சர்க்கரை ஏறும். ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்கள் கீமோ நாளிலும் அடுத்த சில நாட்களிலும் அளந்து மருந்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும். ஆக, எந்த மருந்து, எந்தப் புற்று, நீரிழிவு உண்டா, எடை ஏறுகிறதா இறங்குகிறதா என்ற நான்கும் தெரியாமல் எவருக்கும் சர்க்கரையைப் பற்றி அறிவுரை சொல்ல இயலாது.

மஞ்சளுக்குத் திரும்பினால், கேப்சூல் எடுத்துக்கொண்டே இருப்பவர்கள் செய்யக்கூடியது எளியது. டப்பாவையே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். "மஞ்சள் சாப்பிடுகிறேன்" என்று வாயால் சொன்னால் அவர் சமையல் மஞ்சள் என்று நினைத்துத் தலையாட்டிவிடுவார். அதில் பார்க்க வேண்டியவை குர்குமினாய்டு 95 விழுக்காடு என்பது போன்ற செறிவு, ஒரு கேப்சூலில் எத்தனை மில்லிகிராம், பைபெரின் உண்டா, வேறு மூலிகைகள் எவை என்பவை. உள்ளே இருப்பது எழுதப்படாத சூரணம் என்றால் அதைப் பற்றி மருத்துவரும் எதுவும் கணிக்க முடியாது. என்றைக்குத் தொடங்கினோம் என்ற தேதியும் வேண்டும். கல்லீரல் நொதிகள் ஏறத் தொடங்கிய தேதியோடு அதை ஒப்பிட்டு, கேப்சூலை நிறுத்திச் சில வாரங்களில் மறுபடி பரிசோதித்து, நொதிகள் இறங்குகின்றனவா என்று பார்ப்பதுதான் குற்றவாளி கீமோவா கேப்சூலா என்று பிரிக்க மருத்துவருக்கு உள்ள வழி.